படுக்கையில் இருப்பவர்களின் நீளமுடி: பின்மண்டைச் சிக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அப்பத்தாவுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சு மூணு வாரமா மல்லாக்கப் படுத்திருக்காக. தினமும் சீவித்தான் விடுறோம். ஆனா பின்மண்டையில மட்டும் சிக்கு கட்டியா விழுந்திருக்கு. அது எப்படி?"

நீங்கள் சீவுவது முன்பக்கமும் காதோரமும்தான். தலையணையில் அழுந்திக் கிடக்கும் இடத்துக்குச் சீப்பு போயிருக்காது. எல்லா வீட்டிலும் நடப்பது இதுதான்.

நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை தானாக உதிரும். நடமாடுகிறவர்களுக்கு அது சீப்பிலோ குளியலறையிலோ போய்விடும். படுத்திருப்பவர்களுக்கு உதிர்ந்த முடி விழ இடமில்லை. வேரில் இருந்து கழன்றபிறகும் மற்ற முடிகளுக்கு நடுவிலேயே கிடக்கிறது. தலை இப்படியும் அப்படியும் அசையும்போது அது பக்கத்து முடிகளைச் சுற்றி இறுக்குகிறது. வியர்வையும் எண்ணெயும் தலையணை உறையின் பஞ்சும் சேர்ந்தால் கட்டிதான். மூன்று வாரம் சீப்பு தொடாத தலையில் இப்படி உள்ளுக்குள்ளேயே தங்கிப்போன முடி ஆயிரத்தைத் தாண்டலாம்.

ஆகவே தினமும் சீவுவது அழகுக்காக இல்லை, உதிர்ந்த முடியை வெளியே எடுப்பதற்காக. அதுவும் பின்மண்டையில் இருந்து எடுக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கிவிடும்.

"ஒத்தைச் சடையாப் பின்னிவிடலாமா, இல்லை கொண்டை போட்டு முடிஞ்சு விடலாமா?"

இரண்டும் வேண்டாம். இரட்டைச் சடைதான். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுவதுபோல என்று சிரிப்பார்கள், பரவாயில்லை.

நடு உச்சியில் இருந்து பிடரி வரை வகிடு எடுத்து முடியை இரண்டாகப் பிரியுங்கள். சடையைக் காதுக்குப் பின்னால் தொடங்காமல் காதுக்கு நேராக, கொஞ்சம் முன்தள்ளியே தொடங்குங்கள். பின்னி முடித்ததும் இரண்டையும் தோள் வழியாக முன்னால் நெஞ்சின்மேல் போட்டுவிட வேண்டும். தலையணையில் படும் இடத்தில் பின்னலோ முடிச்சோ ஒன்றும் இருக்கக் கூடாது. நுனியில் ரப்பர் பேண்டு போடாதீர்கள். பழைய வேட்டித் துணியை விரல் அகலத்துக்குக் கிழித்துக் கட்டினால் போதும். பின்னல் தளர்வாக இருக்கட்டும், வேர்ப்பக்கத்தில் ஒரு விரல் சுலபமாக நுழைய வேண்டும். இறுக்கிப் பின்னினால் நெற்றியோரத்தில் வலி எடுக்கும். வலி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் கையை அடிக்கடி தலைக்குக் கொண்டுபோவார்கள், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

கொண்டையும் கொண்டை ஊசியும் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் படுக்கைப் புண். இடுப்பு, குதிகால் மட்டுமல்ல, பின்மண்டையிலும் புண் வரும். அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை மிகக் குறைவு. ஒரு கொண்டையின்மேல் ராத்திரி முழுக்கத் தலை கிடந்தால் அந்த இடத்துக்கு ரத்தம் போவது தடைபடும்.

தலையணை உறையையும் பாருங்கள். கஞ்சி போட்ட புதுத் துணி முடியைப் பிடித்து இழுக்கும். பலமுறை துவைத்து நைந்த பழைய கண்டாங்கிச் சேலையில் உறை தைத்தால் மெத்தென்று இருக்கும். சரிகை இல்லாத பழைய பட்டுத்துணி இருந்தால் அதைவிட நல்லது, முடி வழுக்கிக்கொண்டு போகும். சரிகை ஓரம் வேண்டவே வேண்டாம், அது முடியை நூல்நூலாகக் கவ்வும்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை சீவணும்? திருப்பிப் படுக்க வைக்கவே ரெண்டு ஆள் வேணும்."

காலையில் ஒருமுறை, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் ஒருமுறை. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம்.

படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த நேரத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஒருக்களித்திருக்கும்போது இடப்பக்கச் சடையை அவிழ்த்துச் சீவிப் பின்னுங்கள், அடுத்த முறை மற்றது. சீவுவதற்காகத் தனியாக ஆள் தேட வேண்டியதில்லை.

காலில் எடை கட்டி இழுத்து வைத்திருந்தால் உடம்பைத் திருப்ப முடியாது. தலையைத் திருப்பலாம். தலையணையை எடுத்துவிட்டு, சுருட்டிய துண்டைக் கழுத்துக்கு அடியில் கொடுத்து, முகத்தை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்தால் பின்மண்டையில் பாதி கைக்கு வந்துவிடும். கழுத்திலோ முதுகுத்தண்டிலோ அடிபட்டவர்களுக்கு இதையும் செய்யாதீர்கள். மருத்துவர் எப்படி அசைக்கலாம் என்று காட்டிக் கொடுத்தபிறகுதான்.

"ஏற்கெனவே கட்டியாயிருச்சு. தலைக்கு ஊத்தி ஷாம்பு போட்டா இளகிடாதா?"

இளகாது, இன்னும் இறுகும். தண்ணீர் பட்டதும் முடி ஊறி நீளும், கசக்கிக் கழுவும்போது முடிச்சு உள்ளே போகும், காய்ந்ததும் கம்பளி போல ஒட்டிக்கொள்ளும். ஈர முடி இழுத்தால் அறுவதும் சுலபம். முதலில் சிக்கெடுங்கள், அப்புறம் தலைக்கு ஊற்றுங்கள். இந்த வரிசையை மாற்றினால்தான் பல வீடுகளில் கத்தரிக்கோல் வரைக்கும் போகிறது.

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த ஆச்சிக்கு எழுபதைத் தாண்டிய வயது, இடுப்பு வரை முடி. இதயம் பலவீனமாக இருந்ததால் அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று காலில் எடை கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். பின்மண்டையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிக்கு, தொட்டால் மிதியடி மாதிரி கெட்டி. மருமகள் சீப்பை வைத்ததுமே ஆச்சி, "வேணாம்த்தா, விட்டுரு" என்று கையைத் தட்டிவிடுவார்.

முதல் வேலை, நேரம் பார்த்தது. மருத்துவர் எழுதியிருந்த வலி மாத்திரையை மாலையில் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்தே தலையில் கை வைத்தோம். சிக்கு விழாத முடியை எல்லாம் முதலில் ஒதுக்கித் துணி நாடாவால் ஓரமாகக் கட்டினோம், அதுவும் போய்ச் சிக்கிக்கொள்ளக் கூடாது அல்லவா. பிறகு வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயை விரலால் தொட்டுத் தொட்டுச் சிக்குக்குள் மட்டும் ஊற வைத்தோம். மொத்தமே இரண்டு தேக்கரண்டிதான் இருக்கும். அதன்மேல் பழைய துணியை மடித்து வைத்து அரை மணி நேரம் விட்டோம். எண்ணெய் முடியை வழுக்க வைக்கும். நடுவில் அலச வேண்டியதும் இல்லை, அசைக்க முடியாதவர்களுக்கு இது பெரிய வசதி.

இதற்குப் பிறகுதான் கைப்பக்குவம். சிக்கைச் சீப்பால் தாக்கக் கூடாது. ஓரத்தில் இருந்து விரலால் நாலைந்து முடியாகப் பிரித்து வெளியே எடுக்க வேண்டும். விரல் நுழையாத இடத்தில் வால் சீப்பின் மழுங்கிய வாலைக் கொடுத்து, தலைக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல நெம்பலாம். இடக்கை எப்போதும் சிக்குக்கும் தலைத்தோலுக்கும் நடுவில் முடியை இறுகப் பிடித்திருக்க வேண்டும். இழுப்பு முழுக்க அந்தப் பிடியோடு நின்றுவிடும், வேருக்குப் போகாது. ஆச்சி கையைத் தட்டிவிடுவதை நிறுத்தியது இந்தப் பிடி வந்தபிறகுதான். ஒரு கொத்து பிரிந்ததும் அகலப்பல் சீப்பால் நுனியில் இருந்து தொடங்கி, இரண்டு அங்குலம் இரண்டு அங்குலமாக மேலே ஏற வேண்டும். உச்சியில் இருந்து ஒரே இழுப்பாகச் சீவினால் எல்லாச் சிக்கும் கீழே போய் ஒன்றாகச் சேரும்.

இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டோம். படுத்திருப்பவருக்கும் களைப்பு, செய்கிறவருக்கும் பொறுமை போய் இழுக்கத் தோன்றும். பிரிந்த முடியை உடனே அந்தப் பக்கச் சடையில் சேர்த்துப் பின்னியதால் மறுநாள் அது திரும்பச் சிக்காமல் இருந்தது. இப்படியே நாலைந்து மாலையில் முழுக்கப் பிரிந்துவிட்டது.

கடைசியில் கையில் சேர்ந்த முடி ஒரு கைப்பிடிக்கு மேல். அதைப் பார்த்து மருமகள் பயந்துபோனார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் என்றேன். பெரும்பாலான முடிகளில் ஒரு முனையில் கடுகை விடச் சிறியதாக ஒரு வெள்ளைக் குமிழ் இருந்தது. அப்படி இருந்தால் அது முன்பே தானாக உதிர்ந்த முடி. குமிழே இல்லாமல், குட்டையாக, இரண்டு முனையும் மொட்டையாக இருந்தால்தான் உங்கள் சீப்பு அறுத்த முடி. அது அதிகமாகத் தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, இன்னும் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொள்ள வேண்டும்.

"ஆஸ்பத்திரியில மொத்தமா வெட்டிடச் சொல்றாங்க. வெட்டிடலாமா?"

யார் தலையோ அவரைக் கேளுங்கள். நினைவு தெளிவாக இருக்கும் ஒருவரின் முடியை, தூங்கும்போதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டோ வெட்டுவது சரியில்லை. நம் பக்கத்துப் பெரிய மனுஷிகளுக்குத் தலைமுடி இழப்பது வேறு எதையெல்லாமோ நினைவூட்டும். கோயிலுக்கு நேர்ந்து முடியிறக்குவது வேறு, இது வேறு. "தோள் வரைக்கும் குறைச்சா சீவ வலிக்காது, என்ன சொல்றீக?" என்று கேட்டால் பலர் தாங்களே சரி என்பார்கள். இடுப்பளவு முடி தோளளவு ஆனாலே தினசரி வேலை பாதியாகக் குறையும்.

சிக்கு மட்டும்தான் பிரச்சினை என்றால் முழுக்க வெட்ட வேண்டியதே இல்லை. நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் சிக்கைக் குறுக்கே வெட்டாமல், முடி போகும் திசையிலேயே நீளவாக்கில் இரண்டு மூன்று கீறலாகக் கீறுங்கள். சிக்கு சின்னப் பட்டைகளாகப் பிரியும், ஒவ்வொன்றையும் விரலால் எடுக்கலாம். சில முடி அறும், நீளம் தங்கும். கத்தரிக்கோலுக்கும் தலைத்தோலுக்கும் நடுவில் உங்கள் விரல் இருந்தே ஆக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ ஊசியோ போகிறவர்களுக்குச் சின்னக் கீறலும் நிற்காமல் கசியும்.

வெட்டித்தான் தீர வேண்டும் என்ற நிலையும் உண்டு. சிக்குக்கு அடியில் புண், சீழ், புழு, தையல் போட வேண்டிய காயம் என்றால் தோலைப் பார்க்காமல் மருத்துவம் செய்ய முடியாது. அப்போது தயங்காதீர்கள்.

"கட்டில்ல படுத்தவாக்கிலேயே தலைக்கு எப்படி ஊத்துறது? படுக்கையெல்லாம் நனைஞ்சுரும்ல?"

வாரத்துக்கு ஒருமுறை போதும், நனையாமலும் ஊற்றலாம். மருந்துக் கடைகளில் காற்றடித்துக்கொள்ளும் தலைத்தொட்டி கிடைக்கிறது. கழுத்துக்கு வளைவும், தண்ணீர் வெளியேறக் குழாயும் இருக்கும். காலில் எடை கட்டியிருப்பவர்களுக்கு இதுதான் வழி, அவர்களை இடம் நகர்த்தக் கூடாது.

தொட்டி இல்லையென்றால் இரண்டு மீட்டர் கெட்டி பிளாஸ்டிக் விரிப்பு வாங்குங்கள். பெரிய துண்டை நீளமாகச் சுருட்டி லாட வடிவத்தில் வளைத்து, அதன்மேல் விரிப்பைப் போட்டால் மூன்று பக்கமும் கரை கட்டிய வாய்க்கால் ஆகிவிடும். திறந்த பக்கம் கட்டிலுக்கு வெளியே தொங்கி, கீழே வாளிக்குள் விழ வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் பழைய தேக்குக் கட்டில்களுக்குத் தலைமாட்டுப் பலகை உயரமாக இருக்கும், அந்தப் பக்கம் தண்ணீர் போகாது. ஆகவே இரண்டு பேர் சேர்ந்து, படுத்திருப்பவரை விரிப்போடு குறுக்காக நகர்த்தி, தலை கட்டிலின் பக்கவாட்டு ஓரத்துக்கு வரும்படி செய்யுங்கள். தலை ஓரத்துக்கு வர வேண்டும், ஓரத்தைத் தாண்டித் தொங்கக் கூடாது. வயதானவர்களின் கழுத்தைப் பின்னால் மடக்கி வைத்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் நெரிபடலாம். தலைசுற்றல், குமட்டல், பார்வை மங்கல் என்று எது சொன்னாலும் உடனே நிறுத்தித் தலையை நேராக்குங்கள்.

கட்டிலைச் சுற்றித் தரையில் சாக்கு விரித்துவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் எண்ணெயும் ஷாம்புத் தண்ணீரும் சிந்தினால் பனிக்கட்டிதான். ஏற்கெனவே ஒருவர் படுத்திருக்கும் வீட்டில் தூக்கிவிடுகிறவரும் வழுக்கி விழுந்தால் என்ன ஆவது?

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். காதில் பஞ்சு, கண்மேல் மடித்த துணி, தோளைச் சுற்றி ஒரு துண்டு. தண்ணீரை முழங்கையில் ஊற்றிப் பாருங்கள், வெதுவெதுப்பாகத் தெரிந்தால் சரி. இடுப்பளவு முடிக்கு ஒரு வாளி பெரும்பாலும் போதும், இன்னொன்றைத் தயாராக வையுங்கள். ஷாம்புவை அப்படியே தலையில் கொட்டாமல் இரண்டு தேக்கரண்டியை ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி ஊற்றுங்கள். கரைத்து ஊற்றினால் சீக்கிரம் அலசிவிடலாம். தலைத்தோலில் மட்டும் விரல் நுனியால் தேயுங்கள். முடி நீளத்தைக் கசக்க வேண்டாம், வழியும் நுரையே அதற்குப் போதும். முடியைத் திரட்டி உச்சியில் குவித்துத் தேய்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. படுத்திருப்பவருக்கு அதைச் செய்தால் நாலு மாலை எடுத்த சிக்கு ஒரே நிமிடத்தில் திரும்பி வரும்.

ஊற்ற ஆரம்பித்துக் கால் மணி நேரத்துக்குள் அலசி முடித்துவிட வேண்டும். துண்டால் தேய்க்காமல், அழுத்தி அழுத்தி ஒற்றி எடுங்கள். ஒரு துண்டு போதாது, மூன்று வேண்டும்.

"சீயக்காய்தான் போடணும்கிறாக ஆயா. எங்க போர் தண்ணி வேற உப்பு."

உப்புத் தண்ணீர், கடினத் தண்ணீரில் சோப்புப் போட்டால் வெள்ளையாகப் படியும், முடி விறைத்துச் சிக்குப் போடும். சீயக்காய்க்கு அந்தத் தொல்லை இல்லை. ஆயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சீயக்காய்த் தூளாகப் போடாதீர்கள். அரப்புத் தூளும் அப்படியே. படுத்த நிலையில் அந்தத் திப்பியை அலசி எடுக்க முடியாது, தலைத்தோலில் தங்கி அரிக்கும். கண்ணில் விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒரு கைப்பிடி சீயக்காயை இரவே ஊறவைத்து, காலையில் நாலு குவளைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியதும் மெல்லிய துணியில் இரண்டுமுறை வடிகட்டுங்கள். தெளிந்த நீர் மட்டும் தலைக்கு. கூடவே ஒரு கைப்பிடி செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கி, வழுவழுவென்று வரும் சாற்றையும் வடிகட்டி வைத்துக்கொண்டு, கடைசியாக முடி நீளத்தில் தடவி ஐந்து நிமிடம் விட்டு அலசினால் சீப்பு தடையில்லாமல் இறங்கும். கடையில் வாங்கும் கண்டிஷனரும் இதே வேலையைத்தான் செய்யும், இலை கிடைக்காவிட்டால் அதைப் போடுங்கள். கடைசி ஒரு செம்பை மட்டும் குடிதண்ணீராக ஊற்றினால் உப்பு தங்காது. மழை நாளில் வளவில் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தால் அதைவிட நல்ல தண்ணீர் தலைக்குக் கிடையாது.

"தலைக்கு ஊத்துனா நீர் கோத்துக்கும், சளி பிடிக்கும்னு அயித்தை விடமாட்டேங்கிறாக. சாம்பிராணி போட்டுக் காய வைக்கட்டுமா?"

சளி கிருமியால் வருகிறது, தலைக்கு ஊற்றுவதால் அல்ல. ஆனால் மெலிந்துபோன உடம்பு ஈரத்தலையோடு ஒரு மணி நேரம் கிடந்தால் நடுக்கம் எடுக்கும். அயித்தை பயப்படுவது அதற்காகத்தான் என்று எடுத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியபிறகு ஊற்றுங்கள், சீக்கிரம் உலர்த்துங்கள். அவரும் ஒத்துக்கொள்வார்.

சாம்பிராணிப் புகை வேண்டாம். படுத்தே இருப்பவர்களுக்கு மூச்சு ஆழமாகப் போகாது, நெஞ்சில் சளி தங்கும் ஆபத்து ஏற்கெனவே உண்டு. அதில் புகை சேரக் கூடாது. ஆக்சிஜன் வைத்திருக்கும் அறையில் கனலும் கூடாது, முடி உலர்த்தும் மின்கருவியும் கூடாது, தீப்பிடிக்கும். ஆக்சிஜன் இல்லாதவர்களுக்கு அந்தக் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, காற்று உங்கள் கையில் பட்டு அவர் தலைக்குப் போகும்படி பிடியுங்கள். உங்கள் கை தாங்காத சூடு அவர் தலைக்கும் வேண்டாம்.

முக்கால்வாசி காய்ந்தபிறகு சீவிப் பின்னுங்கள். முழு ஈரத்தில் பின்னினால் உள்ளே காயாமல் நாற்றம் எடுக்கும்.

"தினமும் எண்ணெய் வைக்கலாமா?"

தலைத்தோலுக்கு வேண்டாம். உள்ளங்கையில் அரைத் தேக்கரண்டி தேய்த்துக்கொண்டு, முடியின் கீழ்ப்பாதியில் மட்டும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தடவினால் போதும். அதற்கு மேல் வைக்கும் எண்ணெயை முதலில் தலையணை குடிக்கும், அப்புறம் அது தூசியைப் பிடிக்கும்.

"தண்ணியே ஊத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அழுக்கும் வாடையும் தாங்கலை."

வகிடு வகிடாகத் துடைக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து இறுகப் பிழிந்து, விரலில் சுற்றி, ஒவ்வொரு வகிட்டின் தோலையும் துடையுங்கள். விரல் அகலத்துக்கு ஒரு வகிடு. துணியை அடிக்கடி அலசி மாற்ற வேண்டும். காயமோ தையலோ இருக்கும் பக்கத்தை விட்டுவிடுங்கள். அலசத் தேவையில்லாத ஷாம்பு தடவிய தொப்பியும் கடைகளில் கிடைக்கிறது. தலையில் மாட்டி, மேலே இருந்து சில நிமிடம் தேய்த்துவிட்டுக் கழற்றி, துடைத்தால் போதும். நீளமுடிக்கு அதை மாட்டும் முன் சடையை அவிழ்க்காதீர்கள், உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். முகப்பவுடரைத் தலையில் போடும் பழக்கம் வேண்டாம், படுத்திருப்பவர் அதை மூச்சோடு உள்ளே இழுப்பார்.

"வெள்ளிக்கிழமை பூ வைக்கச் சொல்லிக் கேக்குறாக."

வையுங்கள். நெஞ்சின்மேல் கிடக்கும் சடையின் நுனியில் ஒரு சின்னச் சரத்தைச் சுற்றிவிடுங்கள், ஊசி இல்லாமல். பின்தலையில் வைத்தால் பூ நசுங்கி, நார் முடியோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். வாடும் முன் எடுத்துவிட வேண்டும்.

"பேன் வந்துருச்சு. மண்ணெண்ணெய் தடவலாம்கிறாங்க."

கூடவே கூடாது. தோல் வெந்துபோகும், தீப்பிடிக்கும். பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் மருந்துக் கடையில் கிடைக்கும். கண்டிஷனர் போடாமல் கழுவிய, துண்டால் ஒற்றிய முடியில் தடவி 10 நிமிடம் கழித்து அலச வேண்டும். மருந்து எல்லா ஈரையும் கொல்லாது, தப்பியவை ஒரு வாரம் பத்து நாளில் பொரிக்கும். அதனால் ஒன்பதாம் நாள் வாக்கில் மறுபடி ஒருமுறை. நடுவில் தினமும் பேன் சீப்பால் வாருங்கள். தலையில் புண் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தடவாதீர்கள். பார்த்துக்கொள்கிறவர் தலையையும் பார்த்துவிடுங்கள், அங்கேயும் இருக்கலாம்.

"பின்மண்டையில ஒரு இடம் சிவந்திருக்கு. சீப்பு கீறினதா இருக்குமா?"

விரலால் சில நொடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்துப் பிறகு நிறம் திரும்பினால் ரத்த ஓட்டம் இருக்கிறது, அந்த இடத்தில் அழுத்தம் படாமல் தலையைச் சாய்த்து வைத்தால் தணியும். வெளுக்கவே இல்லையென்றால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்க்கவோ எண்ணெய் போட்டு நீவவோ வேண்டாம். அன்றே மருத்துவரிடமோ வீட்டுக்கு வரும் செவிலியரிடமோ காட்டுங்கள். நீரோ சீழோ வந்தால், வாடை மாறினால், காய்ச்சல் அடித்தால் காத்திருக்கவே வேண்டாம்.

காலையில் சடை பின்னும்போது முடியை ஒதுக்கி அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். நடுவகிடு எடுத்து இரட்டைச் சடை போட்டிருந்தால் பின்மண்டைத் தோல் தானாகவே தெரியும்.

"இப்ப எழுந்து உக்காந்துட்டாக. ஆனா மூணு மாசம் கழிச்சு முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. நாங்க சரியா பாத்துக்கலையோ?"

உங்கள் சீப்பு இதற்குக் காரணம் இல்லை. பெரிய காயம், காய்ச்சல், அறுவைச் சிகிச்சை என்று உடம்பு அடிவாங்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் வளர்ச்சியை நிறுத்திவிடும். நின்ற முடி உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சேர்ந்து விழும். வேர் சாகவில்லை என்பதால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உதிர்வது குறைந்து, நெற்றியோரத்தில் குட்டி முடி குத்திட்டு நிற்பது தெரியும். உதிர்ந்த முடியின் முனையில் அந்த வெள்ளைக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டாலோ ரத்தசோகை, தைராய்டு இரண்டுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை இரட்டைச் சடையை விட்டுவிடாதீர்கள், கொட்டுகிற காலத்தில்தான் சிக்கு இன்னும் வேகமாக விழும்.